இங்கிலாந்துல கட்டாயம் முதல்ல வந்துச்சு, இலவசம் 11 வருஷம் கழிச்சுதான் வந்துச்சு

கேள்வி: இங்கிலாந்துல 1870ல சட்டம் போட்டதும் ஏழை வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா? அதுக்கு முன்னாடி அவங்க எங்க படிச்சாங்க?

இல்லைங்க. 1870 சட்டத்துல நாடு முழுக்க கட்டாயமும் கிடையாது, இலவசமும் கிடையாது. ஸ்கூல் பத்தாத ஊர்ல ஸ்கூல் கட்டணும்னு சொன்ன சட்டம் அது, அவ்வளவுதான். கட்டாயம் வந்தது 1880ல, பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஃபீஸ் போனது 1891ல, மில்லுல பாதி நாள் ஸ்கூல்ல பாதி நாள்ங்கற வழக்கம் ஒழிஞ்சது முதல் உலகப்போருக்கு அப்புறம். (நான் சொல்றது இங்கிலாந்தும் வேல்ஸும் மட்டும், ஸ்காட்லாந்துக்கு தனிச் சட்டம், அது தனிக்கதை.)

முன்னாடி எங்க படிச்சாங்கன்னா, நிறைய பேருக்கு பாட்டி வீடுதான் ஸ்கூல். தெருவுல ஒரு வயசான அம்மா, பெரும்பாலும் விதவை, தன் அடுப்படியிலயே பத்து பதினைஞ்சு பிள்ளைங்கள உக்கார வச்சு எழுத்து சொல்லிக் கொடுப்பாங்க, கை பாட்டுக்கு கம்பளி பின்னிட்டு இருக்கும். வாரத்துக்கு சில பென்னி கூலி. பழைய காலத்துல பிள்ளை கையில ஒரு சின்ன மரப்பலகை இருக்கும், பிடி வச்சது, அதுல எழுத்து அச்சடிச்ச ஒத்தைத் தாள ஒட்டி, கிழியாம இருக்க மேல மாட்டுக் கொம்ப கண்ணாடி மாதிரி மெல்லிசா சீவி மூடியிருப்பாங்க. வாசிக்கத்தான் கத்துக்கொடுப்பாங்க, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு தையலும் பின்னலும், எழுதுறதெல்லாம் ரொம்ப அபூர்வம். பின்னாடி வந்த அதிகாரிங்க இந்த ஸ்கூல்கள கேவலமா எழுதி வச்சாங்க, ஆனா அம்மாக்களுக்கு அது தோதா இருந்துச்சு, பக்கத்துலயே இருக்கும், அழுக்குச் சட்டையோட போனாலும் திட்ட மாட்டாங்க, காசு இல்லாத வாரம் நிறுத்திக்கலாம், காசு வந்ததும் திரும்ப அனுப்பலாம்.

இன்னொண்ணு சண்டே ஸ்கூல். ஆறு நாளும் வேலைக்குப் போற பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தானே மிச்சம். 1780ல க்ளோஸ்டர்ல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சு வச்சது நாடெல்லாம் பரவுச்சு. பைபிள் வாசிக்கிற அளவுக்கு சொல்லித் தருவாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை எழுதச் சொல்லிக் கொடுக்கலாமா, அது பாவமில்லையான்னு சபைகளுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சு.

இதுக்கப்புறம் வர்றதுதான் நம்ம ஊர் சம்பந்தப்பட்டது, இதை நம்ம ஆளுங்க நிறைய பேர் கேள்விப்பட்டதே இல்லைங்கறது எனக்கு ரொம்ப நாளா வருத்தம். 1789ல எழும்பூர்ல ஐரோப்பிய சிப்பாய்ங்களோட பிள்ளைங்களுக்காக ஒரு அனாதை விடுதி நடந்துச்சு, அதைப் பாத்துக்கிட்டவர் ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார். அவர் ஒருநாள் வெளிய போறப்போ நம்ம பிள்ளைங்க தரையில மணலப் பரப்பி விரலால எழுதிப் பழகுறதப் பாக்குறார். சிலேட் வேணாம், பேனா வேணாம், தப்பா எழுதினா கையால தடவி விட்டா போச்சு. தன் விடுதி வாத்தியாருங்கள இப்படிச் சொல்லிக் கொடுங்கன்னா அவங்க மசியல. உடனே ஜான் ஃப்ரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தன கூப்பிட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கு நீ சொல்லிக்குடுன்னு விட்டுட்டார், பையன் பெரியவங்கள விட நல்லாவே செஞ்சிட்டான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பான்னு நம்ம தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்கல்ல, அதே ஏற்பாடுதான்.

பெல் ஊருக்குத் திரும்பி 1797ல இதை புத்தகமா போட்டார், அதுக்கு 'மெட்ராஸ் முறை'ன்னே பேர் ஆயிடுச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துல லண்டன்ல ஜோசப் லங்காஸ்டர்ங்கறவர் இதே மாதிரி ஒரு ஸ்கூல் நடத்தினார், ஒரே ஹால், ஒரே வாத்தியார், நூத்துக்கணக்குல பிள்ளைங்க, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான், ஆரம்பப் பிள்ளைங்களுக்கு மணல் பரப்பின மேசை. சர்ச் ஆஃப் இங்லண்ட் பெல்லைப் பிடிச்சுக்கிட்டு 1811ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அந்தச் சபையில சேராத கிறிஸ்தவங்க லங்காஸ்டர் பக்கம் நின்னு இன்னொரு சங்கம். ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு கம்மி செலவுல ஸ்கூல் நடத்தலாம்ங்கறத முதல்ல நிரூபிச்சது இந்த முறைதான். ஆனா அதோட எல்லையும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு, பத்து வயசுப் பையன் தனக்குத் தெரிஞ்சத ஒப்பிக்க வைக்கலாம், ஏன்னு கேட்டா அவனுக்கே தெரியாதே. அதனால 1846ல இருந்து 13 வயசுப் பிள்ளைங்கள அஞ்சு வருஷம் வாத்தியார்கிட்ட பயிற்சிக்கு வச்சு, அவங்களையே வாத்தியார் ஆக்குற ஏற்பாட்டுக்கு மாறினாங்க. பெல் எழுதி வச்ச சொத்துல ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல கட்டின ஸ்கூலுக்கு இன்னிக்கும் பேர் மெட்ராஸ் காலேஜ்தான்.

சரி, இதுல அரசாங்கம் எப்போ வந்துச்சு? 1833ல. அதுவும் ஸ்கூல் நடத்த இல்ல, அந்த ரெண்டு சங்கமும் கட்டடம் கட்ட 20,000 பவுண்டு கொடுத்தாங்க. நிபந்தனை, பாதிப் பணத்த ஊர்க்காரங்க திரட்டணும். இதுலதான் எல்லாக் கோளாறும். திரட்ட வசதியிருக்கற ஊருக்கு காசு போச்சு, ஒண்ணுமே இல்லாத சேரிக்கும் மில் தெருவுக்கும் போகல. அரசாங்கமே நேரா ஸ்கூல் நடத்தியிருக்கலாமேன்னு தோணும், அங்கதான் மதச் சண்டை குறுக்க நிக்குது. 1843ல ஃபேக்டரிப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வைக்க ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அதுல சர்ச் ஆஃப் இங்லண்ட் கை ஓங்கும்னு மத்த சபைக்காரங்க கிளம்பி எதிர்க்க, கடைசியில வாபஸ். யாரோட வேதபாடம்ங்கற சண்டையில ஒரு தலைமுறைப் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருந்தாங்கன்னுதான் நான் சொல்வேன்.

கிராண்ட் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போச்சு, அதனால 1862ல ராபர்ட் லோங்கற மந்திரி புதுசா ஒரு விதி போட்டார், பிள்ளை பாஸ் ஆனாத்தான் ஸ்கூலுக்குக் காசு. ஆறு வயசுக்கு மேல உள்ள ஒரு பிள்ளைக்கு வருகைக்காக 4 ஷில்லிங், பரீட்சைக்காக 8 ஷில்லிங். அந்த 8ஐ வாசிப்பு, எழுத்து, கணக்குன்னு மூணாப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருநாள் வந்து ஒவ்வொருத்தரா சோதிப்பார். ஒரு ஸ்கூல்ல 20 பேர் கணக்குல மட்டும் ஃபெயில்னு வைங்க, 2 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் போச்சு, பல ஸ்கூல்ல வாத்தியார் சம்பளமே இந்தக் கிராண்டோட கட்டியிருந்ததால அது அவர் வீட்டு அரிசிலயே கை வச்ச மாதிரி. அப்புறம் என்ன நடக்கும்? காய்ச்சலோட இருக்கற பிள்ளையையும் இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு தூக்கிட்டு வந்தாங்க, வாசிப்புப் புத்தகத்த முழுசா மனப்பாடம் பண்ண வச்சாங்க, புத்தகத்த தலைகீழாப் பிடிச்சாலும் பிள்ளை கடகடன்னு ஒப்பிக்கும். சரித்திரம் பூகோளத்துக்கு காசு இல்லாததால அதுக்கு நேரமும் இல்லாம போச்சு. இந்த முறை 1890கள்ல கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்து ஒழிஞ்சது, அதுக்குள்ள முப்பது வருஷத்துப் பிள்ளைங்க இதுலயே படிச்சு முடிச்சாச்சு.

1870க்கு வருவோம். ஃபார்ஸ்டர்ங்கற மந்திரி கொண்டு வந்த சட்டம். சர்ச் ஸ்கூல்கள எதுவும் பண்ணல, எங்க இடம் பத்தலையோ அங்க மட்டும் ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு ஸ்கூல் போர்டு அமைக்கணும், போர்டு உள்ளூர் வரி வாங்கி ஸ்கூல் கட்டணும். போர்டு ஸ்கூல்ல எந்த ஒரு சபையோட தனிப் போதனையும் கூடாதுன்னு எழுதினாங்க, பழைய சண்டைக்கு அப்படி ஒரு முடிச்சு. பெண்கள் போட்டியிடவும் முடிஞ்சது, லண்டன் போர்டுக்கு அந்த வருஷமே எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ்னு ரெண்டு பேர் ஜெயிச்சாங்க. ஆனா வருகையைக் கட்டாயமாக்குறது போர்டோட இஷ்டம், ஃபீஸ் வாரம் 9 பென்ஸ் வரைக்கும் வாங்கலாம். நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 1920ல வந்த தொடக்கக் கல்விச் சட்டமும் இப்படித்தான், கட்டாயத்தை உள்ளூர் அமைப்புங்க விருப்பத்துக்கு விட்டுச்சு.

1880ல எல்லா ஊரும் கட்டாயம் போட்டே ஆகணும்னு ஆச்சு, 5லிருந்து 10 வயசு வரைக்கும். 10 தாண்டினா, ஊர் வச்ச வகுப்பை பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கிட்டா வேலைக்குப் போயிடலாம். இதுல இருக்கற கொடுமையப் பாருங்க, கெட்டிக்காரப் பிள்ளைதான் சீக்கிரம் பாஸ் பண்ணும், அதுதான் முதல்ல ஸ்கூல விட்டுப் போகும்.

இதுக்குள்ள ஒரு வீட்டு நிலைமைய யோசிச்சுப் பாருங்க. மூணு பிள்ளைங்க, ஆளுக்கு வாரம் 2 பென்ஸ் ஃபீஸ்னா திங்கக்கிழமை காலையில 6 பென்ஸ் எடுத்து வைக்கணும். திங்கக்கிழமைதான் துணி துவைக்கிற நாள், கைக்குழந்தையப் பாத்துக்க மூத்த பொண்ணு வீட்டுல வேணும். மூணு பேருக்கும் பூட்ஸ் வேற வேணும். அனுப்பலைன்னா போர்டு ஆள் கதவத் தட்டுவார், கேஸ் போட்டா 5 ஷில்லிங் வரைக்கும் அபராதம், அதாவது அந்த வீட்டோட பத்து வார ஃபீஸ். ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்குத் தள்ளுபடி இருந்துச்சு, ஆனா அதுக்கு நான் ஏழைன்னு போய் நிக்கணும், பல பேர் அதுக்குக் கூசினாங்க. தலைமை ஆசிரியருங்க எழுதின லாக் புக் நிறைய பாதுகாத்து வச்சிருக்காங்க, எடுத்துப் பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும், இன்னிக்கு அறுவடை, இன்னிக்கு உருளைக்கிழங்கு பொறுக்குறாங்க, இன்னிக்கு காக்கா குருவி விரட்டப் போயிட்டாங்க, பாதி பெஞ்சு காலி. சட்டம் இருந்தும் பெஞ்சு காலியா இருந்ததுக்கு பெத்தவங்க அலட்சியம் காரணம்னு அப்போ நிறைய பேர் எழுதினாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேன். காசு கேட்டுக்கிட்டே வரலைன்னா தண்டிக்கிறேன்னு சொன்ன சட்டம் அது.

1891ல பிள்ளைக்கு வருஷம் 10 ஷில்லிங் அரசாங்கமே ஸ்கூலுக்குக் கொடுத்து ஃபீஸ எடுத்தாங்க. கட்டாயத்துக்கும் இதுக்கும் நடுவுல 11 வருஷம். வயசு வரம்பும் 1893ல 11, 1899ல 12ன்னு ஏறுச்சு. 1906ல பசியோட வர்ற பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே சாப்பாடு போட உள்ளூர் அமைப்புங்களுக்கு அதிகாரம் கிடைச்சுது.

அப்பவும் லங்காஷயர் பஞ்சு மில் ஊர்கள்ல 12 வயசுப் பிள்ளை ஒரு வாரம் காலையில 6 மணிக்கு மில்லு, மத்தியானம் ஸ்கூல், அடுத்த வாரம் அப்படியே மாத்தி. மத்தியான வகுப்புல டெஸ்க்குலயே தூங்கிடுவாங்க, பல வாத்தியாருங்க எழுப்ப மனசில்லாம விட்டுடுவாங்க. இதை நிறுத்தலாமான்னு பேச்சு வந்தப்போ முதலாளி மட்டுமில்ல, மில் தொழிலாளிங்க சங்கத்துலயே பெரும்பாலானவங்க வேண்டாம்னாங்க, ஏன்னா பிள்ளை கொண்டு வர்ற அந்தச் சின்னச் சம்பளத்த நம்பித்தான் வீடு ஓடுச்சு. 1918 சட்டம் 14 வயசு வரைக்கும் முழுநேரம் ஸ்கூல்னு சொல்லி இந்தப் பாதி நாள் ஏற்பாட்ட எடுத்துச்சு, மிச்சமிருந்த தொடக்கப் பள்ளி ஃபீஸையும் எடுத்துச்சு, மில் ஊர்கள்ல அது உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது 1921ல.