நாங்க, நாம: யார் போகிறார்கள் என்று தெரியாதபோது

“நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் கதையில் அண்ணன் தம்பியிடம் ‘நாங்க நாளைக்குக் கிளம்புறோம்’ என்கிறான். ‘வீ’ என்று போட்டால் தம்பியும் போவது போல ஆகிறது. கூட யார் போகிறார்கள் என்று கதையில் இல்லை. என்ன செய்வது?”

தம்பி போகவில்லை என்பது ‘நாங்க’ என்ற சொல்லிலேயே உறுதி, தெரியாதது கூடப் போகிறவர்கள் மட்டும்தான். அதனால் ‘மை வைஃப் அண்ட் ஐ’ என்று ஆளைக் கற்பிக்காதீர்கள். ‘தி ரெஸ்ட் ஆஃப் அஸ்’ போட்டால் தம்பியைத் தவிர எல்லோரும் போகிறார்கள் என்றாகிவிடும், மூலத்தில் அது இல்லை. ‘வித்தவுட் யூ’ சேர்த்தால் சாதாரணப் பேச்சு சண்டை மாதிரி ஆகிவிடும்.

முதலில் அடுத்த இரண்டு வரியைப் பாருங்கள். தம்பி ‘எப்ப திரும்பி வருவீங்க?’ என்று கேட்டால் வெறும் ‘வீ ஆர் லீவிங் டுமாரோ’ போதும், தம்பி போகவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் நான் ‘ஐம் லீவிங் டுமாரோ வித் தி அதர்ஸ்’ என்று எழுதுவேன், தம்பி வெளியே நிற்கிறான், மற்றவர்கள் யாரென்பதும் மூலம் போலவே மூடியே இருக்கிறது.

அப்புறம், வெறும் ‘கிளம்புறோம்’ என்று வரும் இடங்களில் கவனம், -ஓம் விகுதி ‘நாங்க’, ‘நாம’ இரண்டுக்கும் ஒன்றுதான். பக்கத்தில் ‘எங்களுக்கு’ இருக்கிறதா ‘நமக்கு’ இருக்கிறதா என்று தேடுங்கள். ‘நம்ம’வை மட்டும் நம்பிவிடாதீர்கள், ‘நம்ம பையன்’ என்பது பல நேரம் வெறும் ஒட்டுதல்தான்.