இருமுனைக் கோளாறும் இரவு ஷிப்டும்

கேள்வி: எனக்கு இருமுனைக் கோளாறு. லித்தியம் சாப்பிடுகிறேன். வேலை செய்யும் இடத்தில் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

சொல்லலாம். ஆனால் நன்றாக இருக்கும் நாளில், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். நீங்களும் ஷிப்டில் வேலை பார்ப்பவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் இருக்கிறேன். முறை மாறி வந்த இரவு ஷிப்டுதான் என்னைக் கவிழ்த்தது. பகலில் தூக்கம் வரவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே தெரியவில்லை. நோய் கிளம்புகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சாதாரணமாகத் தூக்கம் கெட்டால் மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கும். நானோ ஆள் வராத இயந்திரங்களையும் சேர்த்துப் பார்த்தேன், ஓயாமல் பேசினேன். "இவனைப் பார்த்து உழையுங்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்கள். பிறகு மருத்துவமனையில் கிடந்தேன். தேறி வந்து சோர்ந்திருந்தபோது அதே வாய்கள் சோம்பேறி என்றன. இன்றும் ஆறவில்லை.

உடல்நிலை சீரான பிறகு, ஷிப்ட் முடிந்த ஒரு மாலையில் சூப்பர்வைசரிடம் பேசினேன். "அண்ணாச்சி, மனநிலை சம்பந்தமான நோய்க்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் விழித்தால் நோய் திரும்பும். நான் படபடவென்று பேசினாலோ, டபுள் ஷிப்ட் பார்க்கிறேன் என்று நானே வந்து நின்றாலோ, பாராட்டாமல் என் அக்காவுக்குப் போன் செய்யுங்கள்" என்றேன். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் இல்லை. இரவுப் பணி கூடாது என்று மட்டும் இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அக்கா நம்பரைக் கொடு தம்பி" என்றார். போன ஆடியில் அவரே அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். மருத்துவர் உடனே மருந்தை மாற்றியதால் சில நாள் விடுப்போடு போயிற்று.

எல்லா சூப்பர்வைசரும் இப்படி இருப்பார்களா என்று சண்டைக்கு வராதீர்கள். இருக்க மாட்டார்கள். வம்பளப்பவர் என்றால் கடிதத்தை மட்டும் கொடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம்; நீங்கள் சம்மதிக்காமல் மருத்துவர் அதை முதலாளியிடம் சொல்லக் கூடாது.

லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுமதி கேட்டு வையுங்கள். கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு; காலையில் மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். காலை 6 மணி ஷிப்டில் இது நடக்காது. அன்று சூப்பர்வைசர் எனக்கு மதிய ஷிப்ட் போடுகிறார்.

வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபனும் ஏற்றும். கை பெரிதாக நடுங்குவது, வாந்திபேதி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! தாமிரபரணி ஓடும் ஊரில், சித்திரை வெயிலில், எங்கள் ஆலைக் குழாயில் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்தான் ஒழுங்காகத் தண்ணீர் வருகிறது. மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்து சுமந்து போகிறேன். பலமுறை எழுதிக் கொடுத்தும் ஒருவரும் அசையவில்லை.