டிரிஃப்ட் வந்த ஸ்டிக்: டெட்ஸோனைக் கூட்டும் முன் பத்து தடவை அளந்து பாருங்கள்

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். என் கேம் கன்ட்ரோலரில் வலது ஸ்டிக்கைத் தொடாமலே கேமரா மெதுவாக இடது பக்கம் போகிறது. டெட்ஸோனைக் கூட்டினேன், அது நின்றது. ஆனால் குறி வைப்பது கெட்டுப்போய்விட்டது, லேசாக நகர்த்தவே முடியவில்லை. புதுசு வாங்காமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. போன கோடையில் கிருஷ்ணகிரியில் என் அக்கா வீட்டில் இதே கதைதான். அக்கா பையன் கன்ட்ரோலரை நீட்டி, "மாமா, தொடவே இல்ல, தானா எடப்பக்கம் போவுது" என்றான். அவனும் உங்களைப் போலவே டெட்ஸோனைக் கூட்டிக்கொண்டே போயிருந்தான். நின்றது டிரிஃப்ட் மட்டுமல்ல, ஸ்டிக்கின் நுணுக்கமும்தான். அன்று நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

சாதாரண ஸ்டிக்குக்குள் மேல்கீழுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று என்று இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும். கார்பன் தடத்தின் மேல் ஒரு சிறிய உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே போகும். நாளாக நாளாக அந்தத் தடம் தேயும், நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங்கும் தளரும். அதனால் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, கையை எடுத்தால் ஸ்டிக் எப்போதும் நடுவைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிற்பது. இதை விலகல் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்பது. இதைப் பரவல் என்போம். நடுவைச் சுற்றி ஸ்டிக்கின் அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் வட்டம்தான் டெட்ஸோன், அது பரவலுக்கு மருந்து. விலகலுக்கு மருந்து நடுப்புள்ளியைத் திருத்துவது. விலகலையும் டெட்ஸோனை வைத்தே மூடப் பார்க்கும்போதுதான் அது தேவையில்லாமல் பெரிதாகிறது.

அதனால் முதலில் அளக்க வேண்டும். கன்ட்ரோலரைக் கணினியில் செருகி, உலாவியில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறங்கள். ஒவ்வொரு அச்சும் -1 முதல் 1 வரை எண்ணாகத் தெரியும். வலது ஸ்டிக் பெரும்பாலும் Axis 2, Axis 3. இப்போது ஸ்டிக்கை இடது, வலது, மேல், கீழ் என்று மாற்றி மாற்றித் தள்ளிவிட்டு விடுங்கள், நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதித் தடவை சட்டென்று விடுங்கள், பாதித் தடவை விரலோடு மெதுவாகக் கொண்டுவந்து விடுங்கள். மெதுவாக விடும்போதுதான் தளர்ந்த ஸ்பிரிங் மாட்டிக்கொள்ளும். மொத்தம் பத்து அளவு போதும். அரை மணி நேரம் விளையாடிவிட்டு அளப்பது இன்னும் நல்லது.

அக்கா பையனின் ஸ்டிக்கில் பத்து தடவையும் இடவல அளவு -0.07-க்கும் -0.13-க்கும் இடையில் வந்தது. மேல்கீழ் அளவு 0.02 முதல் 0.05 வரை. பூஜ்யத்திலிருந்து பார்த்தால் மிகத் தொலைவான புள்ளி சுமார் 0.14 தள்ளி இருக்கிறது. டெட்ஸோன் மட்டும் வைத்து இதை அடக்க வேண்டுமானால் 0.16 ஆவது வேண்டும். ஆனால் நடுவை -0.10, 0.035 என்று மாற்றிவிட்டால் அதிலிருந்து மிகத் தொலைவான புள்ளி 0.034 தூரத்தில்தான் இருக்கிறது. அப்போது 0.05 போதும். மூன்றில் ஒரு பங்கு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நடுவைத் திருத்தும் வழி கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். நின்டெண்டோ ஸ்விட்சில் அமைப்புகளிலேயே ஸ்டிக் அளவுத்திருத்தம் இருக்கிறது. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டுக்கும் குரோம் உலாவியில் யுஎஸ்பி வழியாக வேலை செய்யும் `dualshock-tools.github.io` என்ற இலவசக் கருவி உண்டு. அது நடுவைக் கன்ட்ரோலருக்குள்ளேயே எழுதிவிடும். அசல் கன்ட்ரோலரில்தான் அதை நம்பலாம், நகல்களில் பெரும்பாலும் நடக்காது. மற்ற கம்பெனிக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அளவுத்திருத்தம் தொடங்கும், கையேட்டைப் பாருங்கள். அக்கா பையனுடையது அந்த வகை. நடுவைத் திருத்திய கையோடு ஸ்டிக்கை ஓரத்தோடு முழுவட்டமாகச் சுற்றும் படியையும் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் முழு வேகம் எட்டாது.

விண்டோஸில் `joy.cpl` திறந்து அங்கே செய்யலாமே என்று தோன்றும். அந்தத் திருத்தம் பழைய டைரக்ட்இன்புட் வழியில் படிக்கும் விளையாட்டுகளுக்கானது. இப்போதைய விளையாட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்இன்புட் வழியில் படிக்கின்றன, அவற்றுக்கு அது எட்டாது. உங்கள் கன்ட்ரோலரில் நடுவைத் திருத்த வழியே இல்லையென்றால், முழு தூரத்துக்கும் டெட்ஸோன் வைக்கத்தான் வேண்டும். அதற்கும் கீழே சொல்வது உதவும்.

அடுத்தது, டெட்ஸோன் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. அக்கா பையன் ஸ்டீமில் 0.25 வைத்திருந்தான். விளையாட்டின் அமைப்பில் இன்னொரு 10 சதவீதம் இருந்தது. இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஸ்டீம் 0.25-ஐ வெட்டிவிட்டு மிச்சத்தை 0 முதல் 1 வரை நீட்டித் தருகிறது, அதில் விளையாட்டு மறுபடி 10 சதவீதம் வெட்டுகிறது. கணக்குப் போட்டால் ஸ்டிக்கின் முதல் 32 சதவீதத்துக்கு ஒன்றுமே நடக்காது. லேசாக நகர்த்த முடியவில்லை என்று நீங்கள் சொல்வதும் இதனால் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், மற்ற இடங்களில் பூஜ்யமாக்குங்கள்.

ஸ்டீமில் அந்த விளையாட்டின் கன்ட்ரோலர் அமைப்பில் வலது ஸ்டிக்கின் Deadzone-ஐ Custom ஆக்கி, வடிவத்தை Circle என்று வையுங்கள். Cross வைத்தால் இரண்டு அச்சும் தனித்தனியாக வெட்டப்படும். மேலே போகும்போது லேசாக வலது பக்கம் சாய்த்தால் அந்தச் சாய்வு காணாமல் போய், குறி நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டது போல இருக்கும்.

இப்போது ரெஸ்பான்ஸ் கர்வ், அதாவது ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வேகம் வரும் என்ற கணக்கு. இது டிரிஃப்டை நேரடியாக நிறுத்தாது. ஆனால் டெட்ஸோனைச் சின்னதாக வைத்துக்கொள்ளத் துணிச்சல் தருவது இதுதான். கணக்கு இப்படி, `m` ஸ்டிக் நடுவிலிருந்து போன தூரம், `d` டெட்ஸோன், `out` கிடைக்கும் வேகம்:

```
out = ((m - d) / (1 - d)) ^ 1.5
```

என்றாவது ஒரு நாள் ஸ்டிக் 0.05-ஐத் தாண்டி 0.06-இல் நின்றுவிட்டது என்று வையுங்கள். நேர்கோட்டுக் கர்வ் என்றால் 1 சதவீத வேகம் கசியும், கேமரா ஊர்வது கண்ணுக்குத் தெரியும். 1.5 அடுக்கு வைத்தால் அதே கசிவு 0.1 சதவீதம்தான், திரையில் தெரியாத அளவு.

குறி வைப்பதிலும் வித்தியாசம் பெரியது. பழைய அமைப்பில் 0 முதல் 10 சதவீத வேகம் வரைக்கும் கிடைத்த ஸ்டிக் தூரம், 32 சதவீதத்திலிருந்து 39 வரை, வெறும் 7 சதவீதம். புதிய அமைப்பில் 5-லிருந்து 25 வரை, சுமார் 20 சதவீதம். மெதுவாக நகர்த்தும் இடம் மூன்று மடங்கு அகலமாகிவிட்டது. பதிலுக்கு, பாதித் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் வரும். விளையாட்டில் சென்சிடிவிட்டியை ஒன்றிரண்டு படி ஏற்றினால் அது சரியாகிவிடும். அடுக்கை 2 வரை கொண்டுபோக வேண்டாம். பாதித் தள்ளலில் கால் பங்குகூட வராது, ஓரத்தில் திடீரென்று பாயும்.

ஸ்டீமில் அடுக்கை எண்ணாகப் போட முடியாது. தயாராக இருப்பதில் Relaxed-ஐ முதலில் முயலுங்கள். போதவில்லையென்றால் Custom Curve.

சில விளையாட்டுகளில் உள்ளே இருக்கும் டெட்ஸோனை மாற்றவே முடியாது. எக்ஸ்இன்புட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் இயல்பு அளவே வலது ஸ்டிக்குக்கு 32767-இல் 8689, அதாவது சுமார் 26.5 சதவீதம். ஒரே கன்ட்ரோலர் ஒரு விளையாட்டில் ஊர்ந்து இன்னொன்றில் ஊராமல் இருப்பதற்கு உள்ளே இருக்கும் இந்த வேறுபாடுதான் பெரும்பாலும் காரணம். அப்படிப்பட்ட விளையாட்டில் Anti-Deadzone பயன்படுத்தலாம். அது டெட்ஸோனைத் தாண்டிய உடனே வெளியீட்டை விளையாட்டின் வாசல்வரை தூக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: அது கசிவையும் சேர்த்தே தூக்கும், கர்வ் தந்த பாதுகாப்பு போய்விடும். அதை வைத்தால் டெட்ஸோனை 0.05-லிருந்து 0.08-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதில் இதெல்லாம் உதவாது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. டெஸ்டர் பக்கத்தில் ஸ்டிக்கை ஓரம்வரை மிக மெதுவாகத் தள்ளுங்கள். எண் சீராக ஏற வேண்டும். 0.40, 0.42 என்று போய்க்கொண்டிருந்த எண் திடீரென்று 0.90-க்குத் தாவி மறுபடி 0.45-க்கு வந்தால் தடத்தின் நடுவில் கார்பன் போய்விட்டது. டெட்ஸோன் நடுவை மட்டும்தான் மூடும், இந்தத் தாவலை மூடாது. நடுவைத் திருத்திய பிறகும் பரவல் 0.20-க்கு மேல் இருந்தாலும் அதே நிலைதான். அப்போது மொபைல் சர்வீஸ் தெரிந்தவரிடம் ஸ்டிக் மாட்யூலை மட்டும் மாற்றச் சொல்லலாம். பதினான்கு கால்களை டீசால்டர் செய்ய வேண்டிய வேலை, கை பழகியவர் செய்தால்தான் போர்டு தப்பும்.

அக்கா வீட்டுத் தெருவில் கிரானைட் பட்டறைத் தூசி ஓயாது. அதனால் அளப்பதற்கு முன் ஸ்டிக்கின் அடியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டேன். உங்களுடையதிலும் முதலில் அதைச் செய்யுங்கள், தூசி மட்டும்தான் காரணம் என்றால் பரவல் அப்போதே சுருங்கும்.

தேய்மானம் நிற்காது, அதனால் மாதம் ஒரு தடவை அளந்து குறித்து வைக்கிறோம். நான்கு மாதத்தில் அவனுடைய பரவல் 0.034-லிருந்து 0.05 ஆகியிருக்கிறது. டெட்ஸோனை 0.07 ஆக்கினோம், கர்வைத் தொடவில்லை. உங்கள் பத்து அளவுகளையும், கன்ட்ரோலர் எந்த மாடல் என்பதையும் கருத்தில் எழுதுங்கள், எத்தனை வைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.