நன்கொடையா, விளம்பரமா?

கேள்வி: காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் மாணவர் மன்றச் செயலாளராக இருக்கிறேன். பிப்ரவரியில் நடக்கவிருக்கும் எங்கள் இரண்டு நாள் விழாவுக்கு நிதியுதவி கேட்டு, ஊரிலுள்ள பலகார நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் கொடுத்தோம். ‘சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நன்கொடை’ என்றுதான் கேட்டிருந்தோம். ‘பார்க்கலாம்’ என்றவர்கள் பிறகு அழைக்கவேயில்லை. கடிதத்தை எப்படி மாற்றலாம்?

பதில்: தம்பி, இடறல் அந்தச் ‘சமூகப் பொறுப்பு நிதி’யில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடும் அந்தக் கடமையை நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்னும் வரம்புகளில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிகளுக்கே விதிக்கிறது. முறுக்கும் சீப்புச் சீடையும் செய்து விற்கும் உள்ளூர் நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வருவதில்லை. அப்படியே வந்தாலும், தன் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்வதற்காக ஒரு கம்பெனி தரும் ஆதரவு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது விளம்பர ஆதரவு. முதலாளி அதை வியாபாரச் செலவாகவே பார்ப்பார். செலவுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கடிதத்தில் தேடுவார்.

‘சமுதாயத்தின் கலங்கரை விளக்கமாகத் திகழும்’ என்று உங்கள் கடிதத்தில் தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். வரவு செலவு பார்த்துப் பழகிய கண் அதைத் தாண்டித் தொகையைத்தான் தேடும். உங்கள் கணக்கு எனக்குத் தெரியாததால், எண்களைக் கற்பனையாக வைத்து மையப் பத்தியை எழுதிக் காட்டுகிறேன்:

“விழாச் செலவு ரூ.80,000. பதிவுக் கட்டணமாக ரூ.30,000 வரும், கல்லூரி ரூ.20,000 தருகிறது. குறையும் ரூ.30,000-ஐத் தாங்கள் விளம்பர ஆதரவாக அளித்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். பன்னிரண்டு கல்லூரிகளிலிருந்து வரும் 350 மாணவர்கள் கூடும் உணவு அரங்கின் வாசலில், இரண்டு நாளும் தங்கள் பலகாரங்களை விற்க ஓர் இடம் ஒதுக்கப்படும். வேறு பலகார நிறுவனத்துக்கு அனுமதி தரப்படாது. மேடைப் பதாகையிலும் அழைப்பிதழிலும் தங்கள் பெயர் இடம்பெறும்.”

வேறு பலகாரக் கடை கிடையாது என்னும் அந்த உறுதிதான் இக்கடிதத்தின் பலம். ஆனால் அதைக் கொடுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை. முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் அந்த வரியைச் சேர்த்தால், விழா நாளன்று கேன்டீன்காரர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

காசோலை யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். அது கல்லூரிக் கணக்கின் பெயரில் இருக்கட்டும்; செயலாளரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் நல்ல கடிதமும் கெட்டுவிடும். ரசீது தருவதாகவும் சொல்லுங்கள், ஏனெனில் ரசீதில்லாமல் அவர்கள் அதைச் செலவாக எழுத முடியாது. கடிதம் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தோடு முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, ஒரே பக்கத்தில் முடியட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தப் பலகாரக் கடையிலும் அதைப் படிக்க ஆளிருக்காது. பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து, பிற்பகலில், முன்பே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, முதலாளியின் பெயரிட்ட கடிதத்தை நேரில் கொடுங்கள்.