மங்குக்குப் பூசும் க்ரீமும் மூன்றாவது மாதமும்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். எனக்கு இது 11-ஆவது வாரம். கன்னத்தில் மங்கு வந்ததால் மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கி, மூன்று வாரமாக இரவில் பூசினேன், ட்யூப் முடியப்போகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனாரும் ஒரு டப்பா கொடுத்தார், அதை இன்னும் திறக்கவில்லை. அட்டையில் இருக்கும் பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: இன்று இரவிலிருந்து அந்த க்ரீமைப் பூசாதீர்கள். ஆனால் பயப்பட வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ட்யூபின் முன்பக்கப் பெயரை விட்டுவிடுங்கள். பின்பக்கம் ‘காம்போசிஷன்’ என்ற இடத்தைப் பாருங்கள். மங்குக்கென்று நம் ஊர் மெடிக்கல்களில் அதிகம் கொடுக்கப்படுவது மூன்று மருந்து கலந்த க்ரீம்தான்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். இது அழகு க்ரீம் அல்ல, மருந்து. ட்யூபில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது.

இதில் நீங்கள் முதலில் தேட வேண்டியது ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து அது. பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் இதற்கு உறவு. அந்த மாத்திரை கருவின் முகம், காது, இதயம், மூளை உருவாவதைக் கெடுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் பூசும் மருந்தையும் வேண்டாம் என்கிறோம்.

இப்போது உங்கள் கணக்கு. 20 கிராம் ட்யூப் முழுவதையும் பூசியிருந்தாலும் அதில் இருக்கும் ட்ரெட்டினாயின் மொத்தம் 5 மில்லிகிராம். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, அதாவது மூன்று வாரத்துக்கும் சேர்த்து 0.1 மில்லிகிராம் அளவு. மாத்திரையாக விழுங்குபவர்களுக்கோ ஒரு நாளைக்கே 20, 40 மில்லிகிராம். பூசிக்கொண்ட கர்ப்பிணிகளைப் பார்த்த ஆய்வுகளிலும் குறைபாடு கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. இதற்காக யாராவது கருவைக் கலைத்துவிடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எல்லோருக்கும் எடுக்கும் ஸ்கேன் போதும், தனி டெஸ்ட் எதுவும் வேண்டாம்.

ஹைட்ரோகுவினோன் கதை வேறு. அதனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகக் காட்டப்படவில்லை. ஆனால் பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போய்விடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு விஷயத்துக்கு அவ்வளவு உள்ளே அனுப்புவானேன்? மொமெட்டசோன் ஸ்டீராய்டு. இந்த வகை வீரியமான ஸ்டீராய்டை கர்ப்பகாலம் முழுவதும் 300 கிராமுக்கு மேல் பூசினால் குழந்தையின் எடை குறையலாம். அது உங்கள் ட்யூபைப்போல் பதினைந்து ட்யூப். நிறுத்திய பிறகு முகம் சிவந்து எரிந்தால் அது ஸ்டீராய்டு விட்டுப்போன எரிச்சல், குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எரிச்சல் கூடினால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி அதையே பூசிவிடாதீர்கள்.

கடையில் விற்கும் அழகு க்ரீம், சீரம்களில் இதே குடும்பம் வேறு பெயரில் இருக்கும்: ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட். பெயருக்குள் ‘ரெட்டின்’ என்ற சத்தம் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள். அந்தச் சத்தம் இல்லாமல் தப்பித்துக்கொள்ளும் உறவினர் இருவர், பருவுக்குத் தரும் அடபலீனும் டசரோட்டீனும்.

சரி, நாத்தனார் கொடுத்த டப்பா. எனக்கு ட்யூபைவிட இதில்தான் கவலை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து கைமாறும் சில வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். லேபிளில் மெர்குரி, மெர்குரஸ் க்ளோரைடு, கேலமெல் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எச்சரிக்கை இருந்தால் அதுவும் பாதரசத்துக்கு அடையாளம். உட்பொருள் பட்டியலே இல்லாவிட்டால் அதையும் பூசாதீர்கள், பாதரசத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். டப்பாவைத் திறக்க வேண்டாம். நாத்தனாரும் இதே க்ரீமைப் பூசுகிறார் என்றால், அவரையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லி சிறுநீரில் பாதரச அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

மங்குக்கு இப்போது என்ன செய்வது? ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு என்று லேபிளில் போட்ட சன்ஸ்க்ரீன் போதும். அயர்ன் ஆக்சைடும் சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை இன்னும் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வளவில் உட்கார்ந்து வற்றல் காயப்போட்டாலும் அந்த வெளிச்சம் முகத்தில் படும், அதனால் வெளியே போகும் நாளில் மட்டும் என்று இல்லாமல் தினமும் பூசுங்கள். மருந்தும் வேண்டும் என்றால் அசெலாயிக் அமிலம் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியது, டாக்டர் எழுதித் தரட்டும். பிரசவமாகிச் சில மாதங்களில் பலருக்கு மங்கு தானாகவே வெளுத்துவிடும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது காலி ட்யூபையும் அந்த டப்பாவையும் பையில் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.