மே மாதத்தில் மீன் குறைந்தது ஏன்?

*"என் மாணவியின் ஆய்வேட்டு வரைவு ரொம்பப் பலவீனமாக இருக்கிறது. குறையை மறைக்காமல், அவரும் மனம் விட்டுப்போகாமல் எப்படி எழுதிக் கொடுப்பது?"*

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மீன்வளம் படிக்கும் பிள்ளைகளுக்கு நெறியாளராக இருக்கிறேன். ஒரே ஒரு வரைவைப் பற்றிச் சொல்கிறேன்.

மண்டபம் இறங்குதளத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு நாள் நின்று கணக்கெடுத்தாள் ஒரு மாணவி. மார்ச்சில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4,420 கிலோ, மே மாதத்தில் 480 கிலோ. "கடல் சூடானதால் மீன்வரத்து சரிந்துவிட்டது" என்று முடிவு எழுதியிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போகாது. இது அவள் வீட்டிலேயே எல்லாருக்கும் தெரியும், அத்தியாயத்தில் மட்டும் ஒரு வரிகூட இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. மறுநாள் அவளுடைய களநோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படகுக்கும் எதிரே 'வி', 'நா' என்று பென்சிலில் குறித்திருந்தாள். விசைப்படகு, நாட்டுப்படகு. அதைப் பார்த்த பிறகுதான் என்ன எழுதுவதென்று தெளிந்தது.

முதல் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"இந்த முடிவு நிற்காது. மார்ச் கணக்கில் விசைப்படகு இருக்கிறது, மே கணக்கில் இல்லை. நீ ஒப்பிட்டது மீனை அல்ல, படகை. ஆனால் உன் நோட்டில் படகு வகை ஒவ்வொரு வாரமும் பதிவாகியிருக்கிறது. நாட்டுப்படகை மட்டும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். மார்ச்சில் 10 படகுக்கு 420 கிலோ, படகுக்கு 42. மே மாதத்தில் 12 படகுக்கு 480, படகுக்கு 40. சொல்லும்படியான சரிவே இல்லை. மற்ற மாதங்களுக்கும் இதே கணக்கை நீ போடு. 'கடல் சூடு' பற்றிய பத்திகளை எடுத்துவிடு. கடல்நீரின் வெப்பத்தை நீ அளக்கவில்லை, அளந்திருந்தாலும் ஆறு மாதக் கணக்கு அதற்குப் போதாது. தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்கு என்ன கிடைக்கிறது என்பதே உன் அத்தியாயமாகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அட்டவணை மட்டும் கொண்டுவா, எழுத்து பிறகு."

கவனியுங்கள், பாராட்டு என்று தனியாக ஒன்றும் இல்லை. எது தேறும், அது எந்த நோட்டில் இருக்கிறது என்று காட்டினேன், அவ்வளவுதான். "நல்ல முயற்சி" என்று பொதுவாக எழுதினால் மாணவர்கள் நம்புவதில்லை.

இன்னொன்று. வரைவில் எழுத்துப்பிழை ஏராளம். ஒன்றைக்கூடத் தொடவில்லை. எப்படியும் போகப்போகிற பத்தியில் சந்திப்பிழை திருத்தினால், பக்கம் முழுக்கச் சிவப்பாகி, முக்கியமான அந்த ஒரு குறை அதற்குள் காணாமல் போய்விடும். அப்புறம் அவள் பிழைகளை மட்டும் திருத்தி அதே முடிவோடு திரும்பி வருவாள்.

வெள்ளிக்கிழமை அட்டவணையோடு வந்தாள். ஜூன் மாதத்தைத் தடை முடிவதற்கு முன், பின் என்று 14ஆம் தேதியில் அவளாகவே இரண்டாகப் பிரித்திருந்தாள். அதை நான் சொல்லவே இல்லை.