கறை எடுக்கும் முன் உள்முனையில் ஒரு சோதனை

கேள்வி: அம்மாவின் அரக்கு நிறப் பட்டுப்புடவையைச் சில வருடங்களுக்குப் பிறகு பீரோவிலிருந்து எடுத்தேன். பச்சைக் கரைக்கு அருகில், உடலில், ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்புக் கறை இருக்கிறது. எதனால் வந்தது என்று தெரியவில்லை. வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில்: எடுக்க முடியுமா என்பதைக் கறை மட்டும் தீர்மானிப்பதில்லை, புடவையின் சாயத்தையும் பார்க்க வேண்டும். அதனால் முதலில் கறையைத் தொடாமல், இடுப்பில் செருகும் உள்முனைக்குச் செல்லுங்கள். அரக்கு உடலையும் பச்சைக் கரையையும் தனித்தனியே சோதிப்பது அவசியம், ஏனெனில் இரண்டு நூல்களும் வெவ்வேறு சாயத்தில் நனைந்தவை. நான் ஒருமுறை உடலை மட்டும் சோதித்துவிட்டுத் துணிந்து நனைத்தபோது, கரையின் நிறம் உடலுக்குள் இறங்கிவிட்டது. அதை இன்றுவரை எடுக்க முடியவில்லை.

துணியின் அடியில் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை விரித்து, சோதிக்கும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு குளிர்ந்த நீர் விட்டு, மேலே இன்னொரு வெள்ளைத் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது, ஈரப்பட்டைத் தேய்த்தால் இழை சிலும்பி, பளபளப்பு மங்கும். வெள்ளைத் துணிகளில் இளஞ்சிவப்போ பச்சையோ இலேசாகப் படிந்தாலும் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, உலர் சலவைக் கடையில் கொடுத்து, கறை எதனால் என்று தெரியாது என்பதையும் சொல்லுங்கள். ஒன்றும் படியவில்லை என்றால், இரண்டு அங்குலம் தள்ளிப் புதிய இடத்தில், ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி மிதமான திரவ சோப்பு கலந்த கரைசலால் அதே சோதனையைச் செய்து, வெறும் நீரால் ஒற்றி எடுங்கள். சலவை சோடாவும் குளோரின் கலந்த வெளுப்பானும் பட்டு இழையையே அரித்துவிடும் என்பதால் அவற்றைச் சோதிக்கவே வேண்டாம்.

உடனே முடிவு சொல்லிவிடாதீர்கள். நிழலில் முழுவதும் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நீர் வளையம், நிறம் வெளிறல், விறைப்பு ஆகியவை தெரியும்.

இதில் எல்லாம் தேறினால், காதுக்குச்சியின் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கறையின் ஓரத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் அது தேநீர், பானகம் போல நீரில் கரையும் கறையாக இருக்கலாம். குளிர்ந்த நீரால் ஒற்றி ஒற்றியே குறைக்கலாம். ஈரம் உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கக்கூடும். அதற்கு நீர் உதவாது. பழுப்புக்குப் பதில் அரக்கு நிறம் ஏறினால், உள்முனை தேறியிருந்தாலும், நிறுத்திவிடுங்கள். உள்முனை அதிகம் வெயிலைப் பார்க்காத இடம். கறைபட்ட இடத்தில் சாயம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். கறை முழுவதும் போகும் வரை அதன் மேல் இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் பல கறைகள் நிலைத்துவிடும்.